மெயிலில் 07/01 என்று எழுதினால் ஜனவரியா, ஜூலையா?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் வாடிக்கையாளருக்கு டிசம்பரில் மெயில் அனுப்பி, அடுத்த மீட்டிங் `Wednesday, 07/01/2026` என்று எழுதினேன். குழப்பம் வரக்கூடாது என்றுதான் கிழமையும் போட்டேன். அவர்கள் ஜூலை 1 என்று எடுத்துக்கொண்டார்கள். ஜனவரி 7 அன்று எங்கள் ஆட்கள் மட்டும் காத்திருந்தோம். கிழமை போட்டும் எப்படி இப்படி ஆனது? இனிமேல் தேதியை எப்படி எழுதுவது?

பதில்:

2026-இல் ஜனவரி 7-உம் புதன்கிழமை, ஜூலை 1-உம் புதன்கிழமை. இரண்டுக்கும் நடுவே சரியாக 175 நாள், அதாவது 25 வாரம். உங்கள் மெயிலைப் படித்தவர் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படித்திருப்பார். காலண்டரில் ஜூலை பக்கத்தைத் திறந்து 1-ஆம் தேதியைப் பார்த்தால் அங்கேயும் புதன் என்றுதான் இருக்கும். "சரி, பொருந்துகிறது" என்று குறித்துவைத்திருப்பார். அரையாண்டின் முதல் நாள் என்பதால் தேதியும் அவருக்கு இயல்பாகவே பட்டிருக்கும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களின் நிதியாண்டே ஜூலை 1-இல்தான் தொடங்குகிறது. சந்தேகப்பட அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

கிழமை போட்டதில் தவறில்லை, நல்ல பழக்கம்தான். ஆனால் அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் கிழமை போட்டால் போதும் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள்.

நாளா மாதமா என்ற குழப்பம் எல்லாத் தேதிகளிலும் வருவதில்லை. 13 முதல் மாதக் கடைசி வரையிலான தேதிகளில் வராது. 25/03 என்றால் 25-ஆவது மாதம் கிடையாது, எனவே யார் படித்தாலும் மார்ச் 25-தான். சிக்கல் ஒவ்வொரு மாதத்தின் முதல் 12 நாட்களில்தான். அதிலும் 01/01, 02/02, 03/03 போன்றவற்றை எப்படிப் புரட்டினாலும் அதே நாள்தான் வரும். ஆக மாதத்துக்கு 11 நாள், ஆண்டுக்கு 132 நாள். ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். மீதி நாட்களில் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடுவதால், நாம் எழுதும் முறையில் கோளாறு இருப்பதே தெரியாமல் மாதக்கணக்கில் ஓடிவிடும். 14/01, 21/01, 28/01 என்று மூன்று மீட்டிங் பிரச்சினை இல்லாமல் முடிந்திருக்கும். நான்காவது 04/02 என்று வரும்போது எதிர்முனையில் ஏப்ரல் 2 என்று படிப்பார்கள்.

இந்த 132 நாட்களும் 66 சோடிகளாக அமைகின்றன. ஜனவரி 7-உம் ஜூலை 1-உம் ஒரு சோடி, ஏப்ரல் 6-உம் ஜூன் 4-உம் ஒரு சோடி, இப்படி. சோடியில் இரண்டு நாளும் வேறுவேறு கிழமையில் வந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். 2026-இல் ஜூன் 4 வியாழன், ஏப்ரல் 6 திங்கள். `Thursday, 04/06/2026` என்று எழுதினால், ஏப்ரல் என்று படிப்பவருக்குக் கிழமை ஒத்துவராது. கவனிப்பவராக இருந்தால் திருப்பிக் கேட்பார்.

ஆனால் சாதாரண ஆண்டில் 6 சோடிகள் ஒரே கிழமையில் விழும். ஜனவரி 7, ஜூலை 1. ஜனவரி 11, நவம்பர் 1. பிப்ரவரி 8, ஆகஸ்ட் 2. மார்ச் 12, டிசம்பர் 3. மே 9, செப்டம்பர் 5. ஜூலை 11, நவம்பர் 7. ஒவ்வொரு சோடிக்கும் நடுவில் இருக்கும் நாட்களை எண்ணிப் பாருங்கள், மீதமில்லாமல் 7-ஆல் வகுபடும். இவற்றில் கடைசி மூன்று சோடிகள் எந்த ஆண்டிலும் மாறாதவை. அவை பிப்ரவரி 29-ஐக் கடப்பதே இல்லை, எனவே லீப் ஆண்டும் அவற்றைத் தொடாது. முதல் மூன்று லீப் ஆண்டில் கலைந்துபோகும், ஆனால் அவற்றின் இடத்தில் வேறு மூன்று வந்து உட்காரும். 2028-இல் ஜனவரி 6-உம் ஜூன் 1-உம் அப்படி ஒரே கிழமை. உங்கள் மீட்டிங் இந்த ஆறில் ஒன்றில் போய் விழுந்தது. துரதிர்ஷ்டம்தான், ஆனாலும் அரிதான ஒன்றல்ல.

மற்ற 60 சோடிகளிலும் கிழமை உதவுமா என்றால், படிப்பவர் ஒப்பிட்டுப் பார்த்தால் உதவும். பார்க்க வேண்டுமே. வேலை நெருக்கடியில் மெயிலைப் படிக்கிறவர் தேதியை மட்டும் கண்ணால் எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். கிழமை என்பது தவறு நடந்தால் எச்சரிக்கும் ஒரு கூடுதல் காவல், அவ்வளவுதான். தவறே நடக்காமல் இருக்க வேண்டுமென்றால் மாதத்தை எண்ணில் எழுதக்கூடாது. எழுத்தில் எழுத வேண்டும்:

```
Wednesday, 7 January 2026
```

இதில் எண்கள் இரண்டுதான். ஒன்று நாள், இன்னொன்று நான்கு இலக்க ஆண்டு. இரண்டையும் மாற்றிப் படிக்க வழியே இல்லை. நாளை முன்னால் எழுதினால் அமெரிக்கர்களுக்கு வித்தியாசமாகத் தெரியுமோ என்று தயங்க வேண்டாம். அவர்கள் அன்றாடம் `January 7, 2026` என்று எழுதினாலும், அவர்களுடைய ராணுவத்தில் நாளை முன்னால் எழுதுவதே வழக்கம். `7 January` என்று பார்த்தால் எல்லோருக்கும் புரியும். நீங்கள் `January 7` என்று எழுதினாலும் தவறில்லை. மாதம் எழுத்தில் இருக்கும்போது வரிசை எப்படி இருந்தாலும் ஒன்றுதான்.

மாதப் பெயரை முழுதாக எழுதுங்கள். `Jun`, `Jul` இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். `Jan`, `Jun` அப்படியே. `Mar`, `May` கூட. விசைப்பலகையில் விரல் தவறினால் ஒரு மாதம் இன்னொரு மாதமாகிவிடும், எழுத்துப்பிழை திருத்தியும் கண்டுபிடிக்காது, இரண்டுமே சரியான சொற்கள். தலைப்பு வரியில் இடம் போதாதபோது சுருக்கிக்கொள்ளலாம், ஆனால் அங்கே கிழமையை விடாதீர்கள். மெயிலின் உள்ளே முழுப்பெயர் இருந்தால் போதும்.

ஆண்டை `26` என்று சுருக்குவதும் வேண்டாம். 2031 முடியும் வரை ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் நாளாகவும் படிக்கத் தக்கவை. `26-01-07` என்று யாராவது அனுப்பினால் 2026 ஜனவரி 7 என்றும் படிக்கலாம், 2007 ஜனவரி 26 என்றும் படிக்கலாம். மீட்டிங் தேதியில் 2007 என்று யாரும் எடுக்க மாட்டார்கள். ஆனால் அதே மெயிலில் ஒரு பழைய ஒப்பந்தத்தின் தேதி வந்தால் எடுப்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு யோசனை சிலருக்கு வரும். அமெரிக்க வாடிக்கையாளருக்கு எழுதும்போது மட்டும் அவர்கள் முறைப்படி `01/07/2026` என்று எழுதிவிட்டால் என்ன? செய்யாதீர்கள். உங்கள் மெயிலை அவர் ஒருவர் மட்டும் படிப்பதில்லை. நகலில் உங்கள் சென்னைக் குழு இருக்கும், அவர்கள் அதை ஜூலை 1 என்று படிப்பார்கள். நாளைக்கு யாரோ அதை லண்டன் அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பார்கள், அவர்களும் நம்மைப் போல நாளை முதலில் படிப்பவர்கள். கனடாவில் யாராவது இருந்தால் இன்னும் சிரமம், அங்கே நாள் முதல், மாதம் முதல், ஆண்டு முதல் என்று மூன்று முறையும் புழங்குகின்றன. இலங்கை அரசிதழ்களில் `2026.01.07` என்று ஆண்டு முதலில் வரும், நம் தமிழ்நாட்டு அரசுக் கடிதங்களில் `07.01.2026` என்று நாள் முதலில் வரும். யார் படிக்கப்போகிறார்கள் என்று ஊகித்து வரிசையை மாற்றிக்கொண்டே போனால், உங்கள் பழைய மெயில்களில் எது எந்த முறையில் எழுதியது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

மின்னஞ்சலை வடிவமைத்தவர்கள் இதை முதலிலேயே யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். எந்த மெயிலையும் திறந்து அதன் மூல வடிவத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள் (ஜிமெயிலில் `Show original`). மேலே இப்படி ஒரு வரி இருக்கும்:

```
Date: Fri, 12 Dec 2025 18:10:00 +0530
```

கிழமை, நாள், எழுத்தில் மாதம், ஆண்டு, நேரம், கடைசியாக உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பது. 1982-இல் வந்த ஆர்.எஃப்.சி. 822 என்ற தரநிலையிலேயே மாதம் எழுத்தில்தான் வர வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். அப்போது ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான் இருந்தது. 1989-இல் அதையும் நான்காக்கச் சொன்னார்கள். உங்கள் மெயில் செயலி இந்த வரியைப் படித்து, உங்களுக்கு உங்கள் ஊர் முறையிலும் அவருக்கு அவர் ஊர் முறையிலும் மாற்றிக் காட்டுகிறது. அனுப்பிய தேதியில் குழப்பமே வராததற்கு அதுதான் காரணம்.

மெயிலின் உள்ளே நீங்கள் தட்டும் தேதிக்கு அந்த வசதி கிடையாது. அது வெறும் எழுத்து. எந்தச் செயலியும் அதை மாற்றாது, உங்கள் திரையில் இருந்தபடியே அவர் திரையில் போய் விழும். சில செயலிகள் உள்ளே இருக்கும் தேதியைக் கண்டுபிடித்து அடிக்கோடிட்டு, காலண்டரில் சேர்க்கவா என்று கேட்கும். `07/01` என்று இருந்தால் அதுவும் ஊகிக்கத்தான் வேண்டும். அதன் ஊகம் தவறினால், மனிதர் யோசிக்கும் முன்பே தவறான நாளில் குறிப்பு ஏறிவிடும்.

அப்புறம் நேரம். தேதியைச் சரியாக எழுதிவிட்டு நேரத்தால் தேதியைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. புதன் ஜனவரி 7 இரவு 8 மணி என்று நியூ ஜெர்சியில் ஒருவர் சொன்னால், சென்னையில் அது வியாழன் ஜனவரி 8 காலை 6:30. அவருடைய தேதியை அப்படியே எடுத்துக்கொண்டு புதன் காலையில் போய் உட்கார்ந்தால் ஒரு நாள் முன்னதாகப் போய்விட்டோம் என்று அர்த்தம். அதனால் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுங்கள், நாள் மாறுகிறது என்றால் இரண்டு தேதியையும் முழுதாக எழுதுங்கள்:

```
Wednesday, 7 January 2026, 8:00 pm (New Jersey)
Thursday, 8 January 2026, 6:30 am (Chennai)
```

ஊர்ப் பெயரைப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. `IST` என்பது நமக்கு இந்திய நேரம், ஆனால் இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் அதே மூன்று எழுத்துதான். ஊர்ப் பெயரில் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, சென்னைக்கும் நியூ ஜெர்சிக்கும் நேர வித்தியாசம் ஆண்டு முழுவதும் ஒன்றல்ல. குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம், கோடையில் ஒன்பதரை. அவர்கள் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே தள்ளுகிறார்கள். 2026-இல் அது மார்ச் 8, நவம்பர் 1. அந்த வாரங்களில் போட்ட மீட்டிங்குகளை ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு 12 மணி என்று மட்டும் எழுதாதீர்கள். ஜனவரி 7 நள்ளிரவு என்றால் 7 தொடங்கும்போதா, முடியும்போதா என்று யாராலும் சொல்ல முடியாது. கெடு வைப்பதாக இருந்தால் இரவு 11:59 என்று எழுதுவது நல்லது. அதேபோல `next Wednesday` என்பதும். சிலருக்கு அது வருகிற புதன், சிலருக்கு அதற்கடுத்த புதன். தமிழில் "அடுத்த புதன்" என்று சொல்லும்போதும் இதே தகராறுதான்.

நம் பக்கம் எல்லோரும் இந்தியர்கள்தானே, எங்களுக்குள் இந்தச் சிக்கல் வராது என்று நினைக்கவும் வேண்டாம். ஆட்கள் இந்தியர்களாக இருந்தாலும் மடிக்கணினி பெரும்பாலும் அமெரிக்க அமைப்பில்தான் இருக்கிறது. விண்டோஸில் திரையின் வலது கீழ்மூலையில் தேதியைப் பாருங்கள். ஜனவரி 7 அன்று அங்கே `1/7/2026` என்று காட்டினால் அது அமெரிக்க அமைப்பு. `07-01-2026` என்று காட்டினால் இந்திய அமைப்பு. மாற்ற வேண்டுமானால் `Settings` → `Time & language` → `Language & region` → `Regional format` போய் `English (India)` வைக்கலாம்.

இந்த அமைப்பு எங்கே வேலையைக் காட்டும் என்றால், எக்செல்லில். ஒரு எடுத்துக்காட்டு. ஜனவரி 7 முதல் புதன்தோறும் ஆறு மீட்டிங். யாரோ நாள் முதலில் வருமாறு ஒரு `.csv` கோப்பு தயாரிக்கிறார்கள்:

```
07/01/2026
14/01/2026
21/01/2026
28/01/2026
04/02/2026
11/02/2026
```

இதை அமெரிக்க அமைப்பில் உள்ள கணினியில் அப்படியே இரட்டைக் கிளிக் செய்து திறந்தால், எக்செல் முதல் வரியை ஜூலை 1 என்று எடுத்துக்கொள்ளும். ஐந்தாவது ஏப்ரல் 2, ஆறாவது நவம்பர் 2. நடுவில் உள்ள மூன்றையும் 14-ஆவது மாதம் கிடையாது என்பதால் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. திரையில் பார்த்தால் ஆறு வரியும் கிட்டத்தட்ட நீங்கள் எழுதியபடியேதான் தெரியும்.

கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. எக்செல் தேதியாக ஏற்றுக்கொண்டதைக் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி வைக்கும், எழுத்தாக விட்டதை இடது ஓரத்தில் வைக்கும். ஒரே நெடுவரிசையில் சிலது வலப்பக்கமும் சிலது இடப்பக்கமும் இருந்தால், வலப்பக்கம் இருப்பவை தலைகீழாகியிருக்க வாய்ப்பு மிக அதிகம். தவறானவை இடப்பக்கம் உள்ளவை என்றுதான் முதலில் தோன்றும், உண்மையில் அவைதான் கெடாமல் தப்பியவை. இன்னும் உறுதியாகப் பார்க்க, நெடுவரிசைக்கு `dd-mmm-yyyy` என்ற வடிவம் கொடுங்கள். ஜனவரி மீட்டிங் பட்டியலில் திடீரென்று `01-Jul-2026` என்று எட்டிப்பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

கெட்டுப்போன கோப்பைக் கையால் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், எது புரண்டது எது புரளவில்லை என்று பிரிப்பதற்குள் இன்னொரு தவறு நுழையும். மூலக் கோப்புக்குத் திரும்பிப் போங்கள். தேதிகளை `2026-01-07` என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதி மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள். இது ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரநிலையின் வடிவம், 1988-இல் முதலில் வெளிவந்தது. அமெரிக்க அமைப்பிலும் இந்திய அமைப்பிலும் எக்செல் இதை ஒரே மாதிரிதான் படிக்கும். நான்கு இலக்க ஆண்டு முன்னால் வந்துவிட்டால் அடுத்து நாள், பிறகு மாதம் என்று எழுதும் வழக்கம் நடைமுறையில் இல்லை, எனவே மனிதர்களுக்கும் குழப்பம் கிடையாது. கோப்புப் பெயரில் போட்டால் கோப்புகள் தேதி வரிசையிலேயே அடுக்கிக்கொள்ளும், அது கூடுதல் லாபம். மீட்டிங் மெயிலுக்கும் இதையே பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம், தவறாகாது. ஆனால் மனிதர் படிக்கும் வரியில் மாதப் பெயர் இருப்பதே மேல் என்பது என் கருத்து. `2026-01-07` என்பதைப் படித்து ஜனவரி என்று மனதில் மாற்றிக்கொள்ள ஒரு கணம் ஆகிறது, அந்தக் கணத்தில் சிலர் பழக்கதோஷத்தில் கடைசி இரண்டையும் புரட்டிவிடுகிறார்கள்.

எக்செல் பட்டியலை வைத்து வேர்டில் `Mail Merge` போட்டுப் பலருக்கும் அழைப்பு அனுப்புகிறவராக இருந்தால் இன்னொரு இடமும் கவனிக்க வேண்டும். எக்செல்லில் நீங்கள் `7 January 2026` என்று அழகாக வடிவமைத்து வைத்திருந்தாலும், வேர்டுக்கு வரும்போது அந்த வடிவம் உதிர்ந்து `1/7/2026` என்று வந்து நிற்பதுண்டு. நூறு பேருக்கு ஒரே நேரத்தில் போன பிறகு பார்த்துப் பயனில்லை. `Alt+F9` அழுத்தினால் புலத்தின் உள்ளடக்கம் தெரியும், அங்கே வடிவத்தைச் சொல்லிவிடுங்கள்:

```
{ MERGEFIELD MeetingDate \@ "dddd, d MMMM yyyy" }
```

`M` பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டும். சிறிய `m` போட்டால் வேர்ட் அதை நிமிடம் என்று எடுத்துக்கொண்டு மாதம் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணைப் போடும். மறுபடி `Alt+F9` அழுத்தி, அனுப்பும் முன் 12-க்கு உட்பட்ட தேதி உள்ள ஒருவரின் கடிதத்தைப் பார்த்துவிடுங்கள். 25-ஆம் தேதிக்காரரின் கடிதத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மீட்டிங்குக்குக் காலண்டர் அழைப்பு அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள், மெயிலில் தேதி எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். அழைப்பின் உள்ளே தேதி `DTSTART:20260107T140000Z` என்ற மாதிரி போகும். ஜனவரி 7, உலகப் பொது நேரம் 14:00. சென்னையில் இரவு 7:30, நியூ ஜெர்சியில் காலை 9. அவரவர் காலண்டர் அவரவர் ஊர் நேரத்தில் காட்டிக்கொள்ளும், ஊகிக்க எதுவும் இல்லை. ஆனால் அழைப்பின் தலைப்பிலோ குறிப்பிலோ பழைய பழக்கத்தில் `Review 07/01` என்று தட்டிவிடாதீர்கள். காலண்டர் ஒரு நாளைக் காட்டும், தலைப்பு இன்னொரு நாளைச் சொல்லும், எதை நம்புவது என்று அவர் திரும்பிக் கேட்பார். கேட்காவிட்டால் அது இன்னும் மோசம்.

இவ்வளவும் நீங்கள் எழுதும்போது. உங்களுக்கு வரும் மெயிலில் `03/12/2026` என்று இருந்தால்? முதலில் அதே மெயிலிலும் அவருடைய பழைய மெயில்களிலும் 12-க்கு மேற்பட்ட எண் உள்ள ஒரு தேதியைத் தேடுங்கள். ஓரிடத்தில் `03/25/2026` என்று எழுதியிருந்தால் அவர் மாதத்தை முதலில் எழுதுகிறவர் என்று தெரிந்துவிடும். இதுதான் இருப்பதிலேயே நம்பகமான தடயம். எண்களுக்கு நடுவே புள்ளி இருந்தால் பெரும்பாலும் நாள் முதலில், ஜெர்மனியில் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவர் எந்த நாட்டவர் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். டெக்சஸில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்க்காரர் எந்த முறையில் எழுதுவார் என்று அவரைக் கேட்டால்தான் தெரியும்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "03/12 சரிதானே?" என்று கேட்டால் அவர் ஆமாம் என்பார். நீங்களும் மகிழ்ச்சியாகக் குறித்துக்கொள்வீர்கள். அவர் மனதில் மார்ச் 12, உங்கள் மனதில் டிசம்பர் 3, இரண்டு பேரும் உறுதி செய்துவிட்டீர்கள். `Confirmed for 03/12` என்று பதில் போடுவதும் இதே வகைதான். நீங்கள் புரிந்துகொண்டதை மாதப் பெயரில் சொல்லி, மற்றதையும் பெயர் சொல்லி விலக்குங்கள்:

```
Just to be sure: Thursday, 12 March 2026, and not 3 December?
```

இங்கே மற்றதை விலக்கச் சொல்வது வேண்டுமென்றேதான். 2026-இல் மார்ச் 12-உம் வியாழன், டிசம்பர் 3-உம் வியாழன். மேலே சொன்ன ஆறு சோடிகளில் இதுவும் ஒன்று.

கடைசியாக, இப்போது உங்கள் கையில் இருக்கும் வேலை. புதுத் தேதி அனுப்பும்போது பழைய மெயிலுக்கு "07/01 இல்லை, 01/07 இல்லை" என்று விளக்கம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், அந்த எண்களைத் திரும்ப எழுதினாலே குழப்பம் வளரும். தனி மெயிலாக அனுப்புங்கள்:

```
Subject: New date: Project review, Wed 21 Jan 2026

Wednesday, 21 January 2026
7:30 pm (Chennai) / 9:00 am (New Jersey)
This replaces the date in my mail of 12 December 2025.
```

கூடவே காலண்டர் அழைப்பும் போகட்டும். பிறகு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலை 1 அன்று அவர்கள் தாங்களாகவே காலண்டரில் ஏற்றிய குறிப்பு இன்னும் அங்கேயே இருக்கும். நீங்கள் அனுப்பிய அழைப்பில்லாததால் உங்கள் பக்கத்திலிருந்து அதை நீக்க முடியாது. குறித்துவைத்த ஒவ்வொருவரும் அதை அழித்துவிட்டார்களா என்று பெயர் சொல்லிக் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஜூலை 1 காலை 9 மணிக்கு யாராவது ஒருவர் உங்களுக்காகக் காத்திருப்பார்.